கோபர் கேஸ் குழாயில் யு-டியூப் மானோமீட்டர்: 28 மில்லிமீட்டர் எங்கே போனது?

நான்கு மாடுகள் உள்ள வீடு. 2 கன மீட்டர் கோபர் கேஸ் கலம், மேலே மிதக்கும் இரும்பு டிரம். டிரம்மிலிருந்து சமையலறைக்கு 25 மீட்டர் தூரம் அரை அங்குலக் கருப்பு ஹோஸ், வேலிக் கம்பங்களில் கட்டி இழுத்தது. டிரம் நன்றாக மேலே எழும்பி நிற்கிறது, வாயுவுக்குக் குறைவில்லை. ஆனால் அடுப்பில் சுடர் குட்டையாக எரிகிறது, நொடிக்கொரு முறை துள்ளுகிறது, சில சமயம் அணைந்தே போகிறது. வீட்டில் ஏற்கெனவே ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டார்கள், பர்னரை மாற்றிவிட்டார்கள். டிரம்மின் மேல் மணல் மூட்டையும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். சுடர் கொஞ்சம் உயர்ந்தது, துள்ளல் மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலையில் அழுத்தத்தை அளக்காமல் அடுத்த பாகத்தைக் கழற்றுவது வீண். ஆனால் கடையில் கிடைக்கும் வட்ட முள் கேஜ் இதற்கு உதவாது. 0 முதல் 1 கிலோ வரை காட்டும் கேஜில் மிகச் சிறிய கோடே 0.02 கிலோ. கோபர் கேஸ் குழாயில் இருப்பதோ சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.009 கிலோ. முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. இவ்வளவு மெல்லிய அழுத்தத்துக்கு வளைத்த குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதாவது யு-டியூப் மானோமீட்டர்தான் சரியான கருவி. ஒரு பக்கம் வாயு அழுத்த, இரண்டு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே வரும் உயர வித்தியாசமே அழுத்தத்தைக் காட்டும். அதற்கு ஸ்பிரிங் இல்லை, தேய்மானம் இல்லை, கொண்டுபோய்ச் சரிபார்த்து வாங்க வேண்டியதும் இல்லை.

பலகை

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் லெவல் டியூப் 3 மீட்டர் வாங்கினால் போதும். உள்விட்டம் 8 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ.க்குக் கீழே போனால் தண்ணீர் சுவரில் ஒட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி நகரும், குமிழி சிக்கினால் வெளியே வராது. 10 மி.மீ.க்கு மேல் போவதால் ஒரு நன்மையும் இல்லை.

60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டில் டியூபை யு வடிவில் வளைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட்டு கிளிப் அடிக்க வேண்டும். அடிவளைவில் டியூப் மடிந்து நசுங்கும். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு நிமிடம் வெந்நீரில் முக்கி எடுத்து, ஒரு சிறிய டப்பாவைச் சுற்றி வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு நிலைத்துவிடும். கிளிப்பை டியூபை அழுத்தும் அளவுக்கு இறுக்கக் கூடாது. அழுத்திய இடத்தில் துளை சுருங்கி, நீர்மட்டம் மெதுவாகத்தான் நகரும்.

ஒவ்வொரு காலுக்கும் பின்னால் ஒரு 30 செ.மீ. எஃகு ஸ்கேல். இரண்டிலும் 15 செ.மீ. கோடு ஒரே மட்டத்தில் வர வேண்டும். அதுதான் சுழியம். ரசமட்டத்தை இரண்டு ஸ்கேல்களுக்கும் குறுக்கே வைத்து இதைச் சரிசெய்துகொண்டு திருகாணி போடலாம். இந்த அமைப்பில் சுழியத்துக்கு மேலே 150, கீழே 150 என்று மொத்தம் 300 மி.மீ. நீர் உயரம் வரை படிக்க முடியும். கோபர் கேஸ் டிரம்மின் அழுத்தத்தைப்போல் இது மூன்று மடங்கு. ஆனால் வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டருக்குப் பின்னால் வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார், அதாவது 306 மி.மீ. அதற்கு இந்தப் பலகை எட்டாது, கால்கள் இன்னும் நீளமாக வேண்டும். ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டர் பக்கம், இதை எந்தக் காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. அங்கே இருப்பது பல கிலோ அழுத்தம். தண்ணீர் முழுவதும் தெறித்துப் போய், டியூப் வழியே வாயு கொட்டும்.

ஒரு காலின் மேல்முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் டியூப் இணைப்புக்காக நீளட்டும். மற்ற காலின் முனை திறந்தே இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தளர்வாகக் கவிழ்த்து வைத்தால், எதிர்பாராமல் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் சுவரில் அடிக்காது. தூசி விழாமல் இருக்க அந்த முனையை அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடைத்தால் உள்ளே மாட்டிய காற்று எதிர்த்து அழுத்தும், அளவு பாதிகூட வராது.

தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மையும் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்தால் போதும். மை பார்வைக்கு. சோப்பு, பி.வி.சி. சுவரில் தண்ணீர் ஒட்டித் தயங்காமல் இருக்க. சோப்பு கூடினால் நுரை வரும், நுரை குமிழியாக மாறும். உப்புத் தண்ணீர் வேண்டாம், அதன் அடர்த்தி வேறு. மண்ணெண்ணெயும் வேண்டாம். அது தண்ணீரைவிட லேசானது, அதனால் உயரம் சுமார் 1.25 மடங்கு கூடித் தெரியும் என்பது ஒரு வகையில் வசதிதான். ஆனால் நாளடைவில் இந்த டியூபை விறைக்கச் செய்துவிடும். பாதரசம் பக்கமே போக வேண்டியதில்லை. நச்சு என்பது ஒருபுறம் இருக்க, அது 13.6 மடங்கு கனம், இந்த டிரம்மில் பின்னர் அளந்த 91 மி.மீ. நீர் உயரம் பாதரசத்தில் 7 மி.மீ.கூட வராது.

டியூப், ஸ்கேல், கிளிப், திருகாணி எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது. பலகை வீட்டில் கிடந்த துண்டு.

சுழியமும் படிக்கும் முறையும்

பலகையைச் சுவரில் மாட்டியதும் முதலில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் 1 பாகை சாய்ந்தாலே, கால்களுக்கு நடுவே 8 செ.மீ. இடைவெளி இருப்பதால், சுழியம் 1.4 மி.மீ. தப்பும். பிறகு இரண்டு முனைகளையும் காற்றுக்குத் திறந்து வைத்து, இரண்டு மட்டங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் பலகை சாய்ந்திருக்கிறது, அல்லது நிமிர்ந்த காலில் குமிழி இருக்கிறது. நிமிர்ந்த காலில் 10 மி.மீ. நீளக் குமிழி ஒன்று நின்றால் அளவில் 10 மி.மீ. பிழை. அடிவளைவில் படுத்திருக்கும் குமிழியால் பிழை இல்லை, ஆனால் அது எப்போது வேண்டுமானாலும் மேலே ஏறும். பலகையைப் பின்னால் தட்டினால் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

இரண்டு மட்டங்களும் ஒன்றாகவே நின்று, ஆனால் 15 செ.மீ. கோட்டில் இல்லாமல் 2 மி.மீ. கீழே இருந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் ஆவியாகியிருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தம் என்பது இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள மொத்த உயர வித்தியாசம். இறங்கிய காலில் சுழியத்திலிருந்து எவ்வளவு இறங்கியது, ஏறிய காலில் எவ்வளவு ஏறியது, இரண்டையும் படித்துக் கூட்ட வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் ஒன்று கூடும், மற்றது அதே அளவு குறையும், கூட்டுத்தொகை மாறாது.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு காலை மட்டும் படித்து, "46 மி.மீ. ஏறியிருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான அழுத்தம் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு காலைப் படித்து இரண்டால் பெருக்குவதும் தண்ணீர் அளவு சரியாகச் சுழியத்தில் நிற்கும்போதுதான் சரி. கூட்டுவதற்கு ஒரு நொடிதான் கூடுதலாக ஆகும்.

கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு ஓரத்தில் சற்று வளைந்திருக்கும். இரண்டு கால்களிலும் நடுவின் தாழ்ந்த புள்ளியையே படித்தால் அந்த வளைவு கணக்கில் வராது. ஸ்கேலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டி, அதில் தெரியும் மட்டமும் நேரில் தெரியும் மட்டமும் ஒன்றாகும்போது படித்தால் இன்னும் நல்லது.

உயரத்திலிருந்து அழுத்தத்துக்கு

டிரம் வால்வுக்கு அடுத்து ஒரு டீ இணைப்பு போட்டு, அதன் கிளையில் பலகையின் டியூபை ஹோஸ் கிளிப்பால் இறுக்கி, வால்வை மெதுவாகத் திறந்தாயிற்று. சட்டென்று திறந்தால் தண்ணீர் துள்ளி, சுவரில் ஒட்டிய துளிகள் இறங்க நேரமாகும். அடுப்பு மூடிய நிலையில் ஒரு காலில் 45 இறங்கியது, மறு காலில் 46 ஏறியது. மொத்தம் 91 மி.மீ. நீர்.

இதை மற்ற அலகுகளுக்கு மாற்றுவது ஒரே பெருக்கல்: திரவத்தின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், மீட்டரில் உயரம்.

```
P = ρ × g × h
P = 996 × 9.78 × 0.091 = 886 Pa
```

996 என்பது 30 பாகை செல்சியஸ் அளவில் தண்ணீரின் அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ. 9.78 நம் பக்கத்துப் புவியீர்ப்பு. புத்தகத்தில் உள்ள 1000, 9.81 என்ற எண்களைப் போட்டால் 893 பாஸ்கல் வரும். வித்தியாசம் 0.7 விழுக்காடு, நீர் உயரத்தில் சொன்னால் 1 மி.மீ.க்கும் குறைவு. கண்ணால் படிக்கும்போது வரும் தடுமாற்றமே அவ்வளவு இருக்கும். எனவே களத்தில் 1 மி.மீ. நீர் என்றால் 9.8 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். உயரத்தை மீட்டரில் போட மறந்து 91 என்றே போட்டால் விடை ஆயிரம் மடங்கு பெருகும். விடை 1,000 பாஸ்கல் பக்கத்தில் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் இது பிடிபட்டுவிடும்.

886 பாஸ்கல் என்பது 8.9 மில்லிபார். பாதரச உயரத்தில் வேண்டுமென்றால் 91-ஐ 13.6-ஆல் வகுக்க 6.7 மி.மீ. பி.எஸ்.ஐ.யில் 0.13. பழைய அடுப்புகளில் அங்குல நீர் என்று அச்சடித்திருந்தால் 91-ஐ 25.4-ஆல் வகுக்க 3.6 அங்குலம். இவை எல்லாமே வெளிக்காற்றைவிடக் கூடுதலாக உள்ள அழுத்தம் மட்டும். திறந்த முனையை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று மண்டலம் கடல்மட்டத்தில் சுமார் 10,330 மி.மீ. நீருக்குச் சமம். அது இங்கே கணக்கில் இல்லை, ஆனால் கசிவு பார்க்கும்போது திரும்ப வரும்.

இந்த வேலையில் மிகவும் பயன்பட்ட மாற்றம் வேறொன்று: 1 மி.மீ. நீர் என்பது சதுர மீட்டருக்கு 1 கிலோ எடை. மிதக்கும் டிரம்முக்கு இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் அழுத்தத்தைக் கொடுப்பதே டிரம்மின் எடைதான். இந்த டிரம்மின் விட்டம் 1.25 மீட்டர், பரப்பு 1.227 சதுர மீட்டர். பட்டறை ரசீதில் எடை 115 கிலோ. வகுத்தால் 93.7. பலகை காட்டியது 91. மீதி 2.7 எங்கே? சாணக் கரைசலில் மூழ்கியிருக்கும் இரும்புத் தகடு தன் பருமனுக்குரிய அளவு மிதந்து எடை குறைகிறது. 2.5 மி.மீ. தகட்டில் மூன்றில் ஒரு பங்கு மூழ்கியிருந்தால் அது சுமார் 3 கிலோ, பரப்பால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த 2.7. பலகை சரியாகப் படிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. டிரம் முழுவதும் இறங்கிய நிலையில் இதே அளவு 86 பக்கம் வரும். அது கோளாறல்ல.

மணல் மூட்டைக் கணக்கும் இதே வழி. 25 கிலோ மூட்டை, 1.227-ஆல் வகுக்க 20 மி.மீ. ஏற்றிப் பார்த்தபோது 91 என்பது 111 ஆனது.

சமையலறையில்

டிரம் பக்கம் 91. இனி அதே பலகையைச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புத் திருகுக்கு முன்னால் டீ போட்டு இணைக்க வேண்டும். திருகுக்குப் பின்னால் இணைத்தால் திருகின் தடையும் சேர்ந்துவிடும், குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. இணைக்கும்போது அறையில் நெருப்பு கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

அடுப்பை மூடி வைத்துப் படித்தால் 63.

இந்த ஒரு எண்ணில்தான் முழு விடையும் இருந்தது. வாயு ஓடாமல் நிற்கும்போது குழாயின் இரண்டு முனைகளிலும் அழுத்தம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். குழாய் எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும், வால்வு பாதிதான் திறந்திருந்தாலும், ஓட்டம் இல்லையென்றால் இழப்பும் இல்லை. சில நிமிடம் பொறுத்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். கசிவு இருந்தால் அழுத்தம் குறையும்தான், ஆனால் இவ்வளவு பெரிய கசிவு மூக்கில் தெரியாமல் போகாது. இங்கே அரை மணி நேரம் கழித்தும் 63 அசையவில்லை. 28 மி.மீ. வித்தியாசம் அப்படியே நிற்கிறது.

ஓட்டமே இல்லாத குழாயில் அழுத்த வித்தியாசத்தைத் தாங்கி நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். ஹோஸ் எங்கோ தொய்ந்து, அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கி, குழாயே ஒரு யு-டியூபாக மாறியிருக்கிறது. அதன் சமையலறைப் பக்க மட்டம் டிரம் பக்க மட்டத்தைவிட 28 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. மணல் மூட்டையை ஏற்றியபோது டிரம்மில் 111, சமையலறையில் 83. வித்தியாசம் மறுபடியும் அதே 28. டிரம் எடை கூடினாலும் தேங்கிய நீர் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடுகிறது.

அடுப்பைப் பற்றவைத்ததும் பலகையில் தண்ணீர் 20-க்கும் 50-க்கும் இடையே நொடிக்கு ஒரு முறை ஊசலாடியது. வாயு அந்த நீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாகக் குமிழியாகக் கடக்கிறது. சுடரின் துள்ளலும் அதே தாளத்தில். சராசரியாக 35 என்று கொண்டால், ஜெட் வழியே போகும் வாயு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 84 மி.மீ. இருக்கும்போது போவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவுதான் போகிறது. கோபர் கேஸ் அடுப்புகள் சுமார் 75 முதல் 85 மி.மீ. அழுத்தத்தில்தான் நன்றாக எரியும்.

எந்தத் தொய்வு என்று கண்டுபிடிக்க ஹோஸை அறுக்க வேண்டியதில்லை. ஒருவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் டிரம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தொய்வாகக் கையால் மெல்லத் தூக்கிக்கொண்டே வந்தார். முதல் இடத்தில் அசைவில்லை. இரண்டாவது தொய்வு, முருங்கை மரத்தடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சுமார் 6 செ.மீ. தாழ்ந்திருந்தது. அதை உயர்த்தியபோது பலகையில் தண்ணீர் சரசரவென்று ஏறி 91-இல் நின்றது. கீழே விட்டதும் சற்று நேரத்தில் மறுபடி சுடர் துள்ளியது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன வழி

சாணக் கரைசலின் மேல் நிற்கும் வாயு எப்போதும் நீராவி நிறைந்தது. 30 பாகையில் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும், 20 பாகையில் 17 கிராம்தான் தங்கும். பனிக்காலத்து இரவில் வெளியே கிடக்கும் ஹோஸ் குளிரும்போது, கன மீட்டருக்கு 13 கிராம் ஹோஸிலேயே இறங்குகிறது. ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் போனால் 26 மில்லி. 15 மி.மீ. துளையுள்ள ஹோஸில் அது 15 செ.மீ. நீளத்தை முழுதாக அடைக்கும். இந்தக் கணக்கு உச்சபட்சம், வாயு எல்லாம் குளிர்ந்த நேரத்திலேயே போவதில்லை. என்றாலும் மார்கழியில் புகார் கூடுவதும் சித்திரையில் தானாகச் சரியாவதும் இதனால்தான்.

ஹோஸைக் கம்பத்தில் இழுத்துக் கட்டினால் மட்டும் போதாது. வெயிலில் இளகி மறுபடி தொய்யும். கம்பங்களுக்கு நடுவே மூங்கில் பட்டை கொடுத்து, மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் இரண்டு பக்கமும் நடுவை நோக்கிச் சரிவு வரும்படி மாற்றிக் கட்டப்பட்டது. நடுவில் ஒரே ஒரு தாழ்ந்த இடம். டிரம் பக்கத்திலிருந்தும் சமையலறைப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் அங்கே வந்து சேரும். அந்த இடத்தில் ஹோஸை அறுத்தபோது ஒரு டம்ளருக்கு மேல் கறுத்த தண்ணீர் கொட்டியது. டிரம் வால்வை மூடி, குழாயில் உள்ள வாயுவைத் திறந்த வெளியில் வெளியேற்றிய பிறகே அறுக்க வேண்டும்.

அங்கே டீ வைத்து, கிளையைக் கீழ்நோக்கித் திருப்பி, ஒரு அங்குல பி.வி.சி. குழாய் 50 செ.மீ. நீளம், அடியில் பால் வால்வு. இதில் 250 மில்லிக்கு மேல் தேங்கும், அதாவது குளிர்காலத்திலும் ஒன்பது பத்து நாளுக்குப் போதும். வாரம் ஒரு முறை அடுப்பை அணைத்துவிட்டு வால்வைத் திறந்து, தண்ணீர் வடிந்து வாயு வரத் தொடங்கும் நொடியில் மூடிவிட வேண்டும். அரை அங்குலக் குழாயையே கிளையாக விட்டிருந்தால் மூன்று நான்கு நாளில் நிரம்பி, தண்ணீர் மறுபடியும் ஹோஸுக்குள் ஏறியிருக்கும். பொருட்செலவு 350 ரூபாய்.

வேலை முடிந்த பின் எடுத்த அளவு: அடுப்பு மூடியிருக்கும்போது இரண்டு முனையிலும் 91. ஒரு பர்னர் எரியும்போது டிரம் பக்கம் 90, சமையலறையில் 85. இரண்டு பர்னரும் எரிந்தால் சமையலறையில் 79. நீர்மட்டத்தில் துள்ளல் இல்லை. 25 மீட்டர் அரை அங்குலக் குழாயில் ஒரு பர்னருக்கு 5 மி.மீ. இழப்பு என்பது இணைப்புகளையும் சேர்த்து நியாயமான அளவு. மூடியபோது சமமாக இருந்து, எரியும்போது மட்டும் 30, 40 என்று இறங்கியிருந்தால், அது தண்ணீர் அல்ல. துரு, நசுங்கிய ஹோஸ், பாதி திறந்த வால்வு என்று ஒடுங்கிய இடத்தைத் தேட வேண்டும். மூடிய அளவு, எரியும் அளவு இரண்டையும் எடுக்காமல் இந்த இரண்டு கோளாறுகளையும் பிரிக்க முடியாது.

கசிவுப் பரிசோதனையும் வெயிலும்

ஹோஸை அறுத்து ஒட்டியதால் கசிவும் பார்க்க வேண்டும். டிரம் வால்வையும் அடுப்பையும் மூடிவிட்டு, நடுவில் மாட்டிய வாயுவின் அழுத்தம் இறங்குகிறதா என்று பலகையில் பார்ப்பது முறை. காலை பத்து மணிக்கு இதைச் செய்தபோது பலகை 91-இலிருந்து ஏறத் தொடங்கியது. கசியும் குழாயிலும் கசியாத குழாயிலும் அழுத்தம் தானாக ஏற வழியில்லை. வெயில் ஹோஸைச் சூடாக்குகிறது என்பதுதான் காரணம்.

இங்கேதான் அந்த 10,330 மி.மீ. வருகிறது. மூடிய குழாயில் வாயு சூடேறும்போது பெருகுவது மேலே உள்ள 91 மட்டுமல்ல, காற்று மண்டல அழுத்தத்தையும் சேர்த்த முழு 10,400. வெப்பநிலை 303 கெல்வின் என்றால் ஒரு பாகைக்கு 34 மி.மீ. மாறும். ஒரு மேகம் மறைத்து ஹோஸ் 1 பாகை குளிர்ந்தால் 34 மி.மீ. இறங்கும், பார்ப்பவருக்கு அது பெரிய கசிவு போலவே தெரியும். மாறாக, வெயில் ஏறும் நேரத்தில் உண்மையான கசிவும் மறைந்துபோகும். டிரம் வால்வு திறந்திருக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை, டிரம் எழும்பி இடம் கொடுத்துவிடும்.

பொழுது சாய்ந்த பிறகு, ஹோஸ் சுற்றுப்புறக் காற்றின் சூட்டுக்கு வந்ததும் மறுபடி செய்யப்பட்டது. பத்து நிமிடத்தில் 6 மி.மீ. இறங்கியது. குழாயின் கொள்ளளவு 4.4 லிட்டர்தான் என்பதால் 6 மி.மீ. என்பது சுமார் இரண்டரை மில்லி வாயு. மிகச் சிறியது, ஆனால் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவியதில் டீயின் சமையலறைப் பக்க ஹோஸ் கிளிப்பில் குமிழி மெல்ல ஊதி வந்தது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் ஹோஸ் முனை சாய்வாக அறுபட்டிருந்தது. நேராக அறுத்து மறுபடி மாட்டியதும் பத்து நிமிடத்தில் அசைவு 1 மி.மீ.க்குள் நின்றது.

அடுத்த பலகையில்

ஸ்கேலைத் திருகாணியால் அடிப்பதற்குப் பதில், மேலும் கீழும் நகரும்படி ஒரு நீள்துளையில் மாட்டலாம். இறங்கிய மட்டத்துக்குச் சுழியத்தை நகர்த்திவிட்டால், ஏறிய மட்டத்தில் முழு வித்தியாசத்தையும் நேரடியாகப் படிக்கலாம், கூட்ட வேண்டியதில்லை. அதற்கு இரண்டு கால்களையும் 3 செ.மீ. இடைவெளியில் நெருக்கி, நடுவில் ஒரே ஸ்கேல் வைத்தால் போதும். பக்கவாட்டுச் சாய்வால் வரும் பிழையும் அதே விகிதத்தில் குறையும்.

சமையலறை டீயைக் கழற்றாமல் ஒரு சிறு பால் வால்வுடன் அங்கேயே விட்டுவைத்திருக்கிறது. பலகையை மாட்டி அளவு எடுக்க இனி ஐந்து நிமிடம் போதும். எடுத்து முடித்ததும் அந்த வால்வை மூடிவிட வேண்டும். பலகையை நிரந்தரமாகத் திறந்த இணைப்பில் விட்டால், தண்ணீர் ஆவியாகி வற்றும் நாளில் அந்தத் திறந்த முனை வழியே வாயு சமையலறைக்குள் வரும்.

இரண்டு பர்னரும் எரியும்போது கிடைக்கும் 79 மி.மீ. இப்போதைக்குப் போதும். டிரம் முழுவதும் இறங்கும் நேரத்தில் அது 74 பக்கம் வரும், அப்போது ஒரு 10 கிலோ கல்லை டிரம்மின் நடுவில் வைத்தால் 8 மி.மீ. கிடைக்கும். ஓரத்தில் வைத்தால் டிரம் சாய்ந்து நடுக்குழாயில் உரசும். மூன்றாவது பர்னர் வைக்கும் எண்ணம் இருந்தால் கல்லை நம்பாமல் ஹோஸை முக்கால் அங்குலமாக மாற்ற வேண்டும்.